வராத பணத்துக்கு வரி கணக்கிடுவது எப்படி?

மாதாமாதம் வருமானம் ஏறி இறங்கும் ஃப்ரீலான்சர்களுக்கு அட்வான்ஸ் டாக்ஸ் கணக்கு

சம்பளம் வாங்குபவரின் வரியை அவருடைய நிறுவனமே மாதாமாதம் பிடித்துக் கட்டிவிடுகிறது. சொந்தமாக வேலை எடுத்துச் செய்யும் ஃப்ரீலான்சருக்கு அந்த வசதி கிடையாது. ஏப்ரலில் பதினைந்தாயிரம் வரும், மே மாதம் ஒன்றும் வராது, ஆகஸ்டில் ஒரே நாளில் இரண்டு லட்சம் வந்து விழும். ஆனாலும் வருமான வரித்துறை அவரிடமும் ஆண்டுக்கு நான்கு முறை வரியை எதிர்பார்க்கிறது. முதல் தவணைக்குக் கடைசி நாள் ஜூன் 15. நிதியாண்டு தொடங்கி இரண்டரை மாதமே ஆகியிருக்கும். அதற்குள், அடுத்த மார்ச் வரை எவ்வளவு வரும், அதற்கு எவ்வளவு வரி என்று ஊகித்து, ஒரு பகுதியைக் கட்டியாக வேண்டும்.

அந்த ஊகம் தப்பத்தான் செய்யும். ஆனால் எந்தத் தவணையில் தப்பினால் எவ்வளவு வட்டி, அதை எப்போது சரிசெய்யலாம் என்பதற்குச் சட்டத்தில் தெளிவான கணக்கு இருக்கிறது. அது தெரிந்துவிட்டால் ஜூன் மாதத்திலேயே மார்ச் மாதத்தைத் துல்லியமாகக் கணிக்க வேண்டிய அவசியம் இல்லை.

நான்கு தேதிகள், ஒரே கணக்கு

டி.டி.எஸ். போக, ஆண்டு முழுவதற்கும் கட்ட வேண்டிய வரி பத்தாயிரம் ரூபாய் அல்லது அதற்கு மேல் வரும் என்றால் அட்வான்ஸ் டாக்ஸ் கட்ட வேண்டும். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு விலக்கு உண்டே என்று சிலர் நினைக்கலாம். அந்த விலக்கு, தொழில் வருமானம் இல்லாத மூத்த குடிமக்களுக்கு மட்டும்தான். ஓய்வு பெற்றபின் காசு வாங்கி மொழிபெயர்ப்பு செய்து தரும் ஆசிரியருக்கு அது பொருந்தாது.

ஜூன் 15க்குள் ஆண்டு வரியில் 15 சதவீதம், செப்டம்பர் 15க்குள் 45 சதவீதம், டிசம்பர் 15க்குள் 75 சதவீதம், மார்ச் 15க்குள் முழுவதும் கட்டியிருக்க வேண்டும். இந்தச் சதவீதங்கள் அந்தந்தத் தவணைக்கு மட்டுமானவை அல்ல, அந்தத் தேதிவரை கட்டியிருக்க வேண்டிய மொத்தம். செப்டம்பரில் 45 சதவீதம் என்றால், ஜூனில் கட்டியதையும் சேர்த்து 45. ஃப்ரீலான்சருக்கு இதுதான் பெரிய வசதி. ஜூனில் குறைவாகக் கட்டியிருந்தால் செப்டம்பரில் புதிதாகக் கணக்குப் போட்டு, 45 சதவீதத்தில் ஏற்கெனவே கட்டியதைக் கழித்து, மீதியைக் கட்டிவிட்டால் அந்த இடத்தில் கணக்கு நேராகிவிடும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எந்த வரியில் 15 சதவீதம்? ஜூன் வரை வந்த வருமானத்துக்கான வரியிலா? இல்லை. ஆண்டு முடிந்து ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது தெரியவரும் முழு ஆண்டு வரியில். பிப்ரவரியில் எதிர்பாராமல் ஒரு பெரிய வேலை வந்து ஆண்டு வரி இரட்டிப்பானால், ஜூனில் கட்டியிருக்க வேண்டிய 15 சதவீதமும் அந்த இரட்டிப்பான தொகையில்தான் பின்னோக்கிக் கணக்கிடப்படும். ஜூன் மாதத்தில் அந்த வேலையைப் பற்றி யாருக்கும் தெரியாதே என்று வாதாட முடியாது. அமெரிக்காவில் வருமானம் எந்தக் காலாண்டில் வந்ததோ அதற்கேற்பத் தவணையைக் கணக்கிட்டுக் காட்ட வழி உண்டு. இந்தியச் சட்டத்தில் பங்கு, சொத்து விற்பனையில் வந்த மூலதன ஆதாயம், டிவிடெண்ட், லாட்டரிப் பரிசு, முதல்முறையாகத் தொடங்கிய தொழிலின் வருமானம் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே இந்தச் சலுகை. வந்த பிறகு மிஞ்சியிருக்கும் தவணைகளில் அவற்றுக்கான வரியைக் கட்டினால் போதும். ஏற்கெனவே நடந்துவரும் தொழிலில் திடீரென்று வந்த பெரிய காசோலைக்கு அந்தச் சலுகை இல்லை.

தவறின் விலை

தவணையில் குறைவாகக் கட்டினால் 234 சி பிரிவின்படி வட்டி. முதல் மூன்று தவணைகளில் எவ்வளவு குறைந்ததோ அதற்கு மாதம் ஒரு சதவீதம் வீதம் மூன்று மாதம், அதாவது மூன்று சதவீதம். கடைசித் தவணையில் குறைந்தால் ஒரே ஒரு சதவீதம். இது தனிவட்டி. நூறு ரூபாய்க்குக் கீழ் உள்ள சில்லறையை விட்டுவிட்டே கணக்கிடுவார்கள். முதல் இரண்டு தவணைகளில் கொஞ்சம் தளர்வும் உண்டு. ஜூனில் 15க்குப் பதில் 12 சதவீதமும், செப்டம்பரில் 45க்குப் பதில் 36 சதவீதமும் கட்டியிருந்தாலே வட்டி கிடையாது.

இன்னொரு வட்டி 234 பி பிரிவில் வருகிறது. நிதியாண்டு முடிவதற்குள் மொத்த வரியில் 90 சதவீதம் கட்டப்படவில்லை என்றால், ஏப்ரல் 1 முதல் பாக்கியைக் கட்டும்வரை மாதம் ஒரு சதவீதம். ஒரு மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாதமாகவே எண்ணப்படும். மார்ச் 15 கடைசித் தவணைத் தேதிதான் என்றாலும், மார்ச் 31க்குள் கட்டுவதும் அட்வான்ஸ் டாக்ஸாகவே ஏற்கப்படும். ஆகவே இந்த 90 சதவீதக் கணக்குக்கு உண்மையான கெடு மார்ச் 31. இதைப் பலர் கவனிப்பதில்லை.

அதிகமாகக் கட்டினால் என்ன ஆகும்? ரிட்டர்னை உரிய தேதிக்குள் தாக்கல் செய்தால் ஏப்ரல் 1இலிருந்து மாதம் அரை சதவீத வட்டியோடு திரும்ப வரும். ரீஃபண்ட் தொகை மொத்த வரியில் பத்து சதவீதத்துக்கும் குறைவு என்றால் அந்த வட்டியும் இல்லை. ஜூனில் கட்டிய அதிகப் பணத்துக்கு மார்ச் வரை எந்த வட்டியும் கிடையாது. வேலைக்கு இடையில் கையில் பணம் தேவைப்படும் ஃப்ரீலான்சருக்கு, பயந்துபோய் ஜூனிலேயே அள்ளிக் கட்டுவதும் ஒரு செலவுதான்.

எல்லோருக்கும் நான்கு தவணை இல்லை

கணக்குக்குள் போகும் முன், இந்த நான்கு தவணை யாருக்கு என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மருத்துவம், சட்டம், பொறியியல், கட்டடக்கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள் அலங்காரம், தகவல் தொழில்நுட்பம், திரைப்படக் கலைஞர் போன்ற குறிப்பிட்ட தொழில்களில் இருப்பவர்கள் 44 ஏ.டி.ஏ. என்ற உத்தேச வருமான முறையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ரொக்கமாக வந்தது மொத்தத்தில் ஐந்து சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை போகலாம். வரவில் பாதியை வருமானமாகக் காட்டி, அதற்கான முழு வரியையும் மார்ச் 15இல் ஒரே தவணையாகக் கட்டினால் போதும். திரைப்படக் கலைஞர் பட்டியலில் எடிட்டர், ஒளிப்பதிவாளர், பாடலாசிரியர், வசனகர்த்தா வரைக்கும் இருக்கிறார்கள்.

உண்மையான செலவு வரவில் பாதிக்கும் மேல் போகிறவர்களுக்கு இந்த முறை நஷ்டம். புத்தக ஓவியர், மொழிபெயர்ப்பாளர், எழுத்தாளர் போன்றோரின் தொழில் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. அவர்கள் எந்த உத்தேச முறைக்குள் வரலாம் என்பதில் ஆடிட்டர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. உண்மையான வரவு செலவைக் காட்டி வரி கட்டுவது என்று முடிவு செய்தால், நான்கு தவணைகளும் அவர்களுக்குப் பொருந்தும். கீழே வருவது அப்படி ஒருவரின் கணக்கு.

ஊகத்தை மூன்றாகப் பிரியுங்கள்

‘இந்த வருஷம் எவ்வளவு வரும்?’ என்று மொத்தமாகக் கேட்டால் எந்த ஃப்ரீலான்சராலும் பதில் சொல்ல முடியாது. அதே கேள்வியை மூன்றாக உடைத்தால் பெரும்பகுதிக்கு விடை கையிலேயே இருக்கும். முதலாவது, ஏற்கெனவே வங்கிக்கு வந்த பணம். இரண்டாவது, உறுதியான பணம். அதாவது வேலை ஒப்புக்கொள்ளப்பட்டு, தொகை பேசி முடித்து, மார்ச் 31க்குள் வர வேண்டியது. மூன்றாவது, இன்னும் பெயர் தெரியாத வாடிக்கையாளர்களிடமிருந்து வழக்கமாக வந்துகொண்டிருக்கும் சில்லறை வேலைகளின் பணம். ஊகம் தேவைப்படுவது இந்த மூன்றாவதற்கு மட்டும்தான்.

அதற்குப் போன ஆண்டின் சராசரியை எடுத்துக்கொள்வது பலரும் செய்யும் தவறு. ஆறு மாதங்களில் முறையே 30, 40, 50, 50, 60 ஆயிரமும், ஒரு மாதத்தில் மட்டும் நான்கு லட்சமும் வந்திருந்தால் சராசரி ஒரு லட்சத்து ஐந்தாயிரம். ஆனால் அந்த ஆறு மாதங்களில் எதிலும் ஒரு லட்சம் வரவில்லை. ஒரே ஒரு பெரிய வேலை கணக்கை இழுத்துவிட்டது. மாத வரவுகளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் தொகையை எடுத்துக்கொண்டால் 50 ஆயிரம் வரும். அதுதான் சாதாரண மாதத்தின் அளவு. பெரிய வேலைகள் ‘உறுதியான பணம்’ என்ற இரண்டாவது பட்டியலுக்குள் வரும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

வரவை எந்த ஆண்டுக் கணக்கில் சேர்ப்பது என்பதும் முன்பே தெளிவாக இருக்க வேண்டும். பெரும்பாலான ஃப்ரீலான்சர்கள் பணம் கைக்கு வந்த தேதியில் கணக்கு வைக்கிறார்கள். பில் மார்ச்சில் போட்டு, பணம் ஏப்ரலில் வந்தால் அது அடுத்த ஆண்டு வருமானம். பில் தேதியில் கணக்கு வைப்பதும் சட்டப்படி சரிதான். எதைப் பின்பற்றினாலும் தொடர்ந்து அதையே பின்பற்ற வேண்டும். வரி குறைகிறதே என்று ஆண்டுக்கு ஒரு முறைக்குத் தாவக் கூடாது.

ஓர் ஓவியரின் ஆண்டு

மதுரையில் இருந்துகொண்டு சிறுவர் நூல்களுக்கும் விளம்பர நிறுவனங்களுக்கும் படம் வரையும் ஓவியர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். நிதியாண்டு 2025–26, புதிய வரி முறை, பணம் வரும் தேதியில் கணக்கு. அந்த ஆண்டின் விகிதப்படி நான்கு லட்சம் வரை வரி இல்லை. நான்கிலிருந்து எட்டு லட்சம் வரை 5 சதவீதம், எட்டிலிருந்து பன்னிரண்டு வரை 10, பன்னிரண்டிலிருந்து பதினாறு வரை 15 சதவீதம். மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் தள்ளுபடி காரணமாக வரி பூஜ்யம். வரிக்கு மேல் 4 சதவீதம் செஸ். புதிய முறையில் வீட்டு வாடகை, இன்சூரன்ஸ் போன்ற கழிவுகள்தான் இல்லை. கணினித் தேய்மானம், மென்பொருள் சந்தா, உதவியாளர் சம்பளம் முதலிய தொழில் செலவுகளைக் கழிப்பதற்குத் தடையில்லை.

ஜூன் 15. ஏப்ரல், மே மாதங்களில் வந்தது 1,40,000 ரூபாய். ஒரு பதிப்பகத்தின் சிறுவர் நூல் வரிசைக்காக உறுதியாகியிருப்பது 3,00,000. அதில் பாதி ஆகஸ்டுக்குள், மீதி டிசம்பருக்குள். மீதமுள்ள பத்து மாதங்களுக்குச் சாதாரண வேலைகள் மாதம் 50,000 வீதம் 5,00,000. மொத்தம் 9,40,000. இரண்டு லட்சம் செலவைக் கழித்து, வங்கி வட்டி 20 ஆயிரத்தைச் சேர்த்தால் ஆண்டு வருமானம் 7,60,000. 12 லட்சத்துக்கு வெகு கீழே. அன்று கட்ட வேண்டியது பூஜ்யம். அதில் தவறில்லை.

செப்டம்பர் 15. ஆகஸ்ட் முடிய வந்திருப்பது 5,00,000. பதிப்பகத்திலிருந்து வர வேண்டிய மீதி 1,50,000. செப்டம்பர் முதல் மார்ச் வரை ஏழு மாதங்களுக்குச் சாதாரண வேலைகள் 3,50,000. இடையில் ஒரு புதிய விஷயம். வெளிநாட்டு விளையாட்டு நிறுவனம் ஒன்று கதாபாத்திரங்கள் வரைய 6,00,000 ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்திருக்கிறது. பாதி நவம்பரில், பாதி பிப்ரவரியில். மொத்த வரவு 16,00,000. செலவும் 2,20,000 ஆக ஏறியிருக்கிறது. வட்டியைச் சேர்த்தால் ஆண்டு வருமானம் 14,00,000.

இப்போது வரி உண்டு. 12 லட்சம் வரை 60,000, மேலே உள்ள இரண்டு லட்சத்துக்கு 30,000, செஸ் 3,600. ஆக மொத்தம் 93,600. இதில் டி.டி.எஸ்ஸைக் கழிக்க வேண்டும். தொழில்முறைக் கட்டணத்துக்கு உள்நாட்டு நிறுவனங்கள் 10 சதவீதம் பிடிப்பார்கள். ஒரு வாடிக்கையாளர் ஆண்டில் தருவது 50 ஆயிரத்தைத் தாண்டாவிட்டால் பிடிக்கத் தேவையில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர் பிடிப்பதே இல்லை. நம் ஓவியருக்கு இதுவரை பிடித்தது 25,000. பதிப்பகத்தின் மீதிப் பணத்தில் பிடிக்கப்போவது 15,000. ஆகவே 40,000 போக நிகர வரி 53,600. அதில் 45 சதவீதம் 24,120. ஜூனில் எதுவும் கட்டவில்லை என்பதால் அதை முழுவதும் கட்டுகிறார்.

டிசம்பர் 15. வெளிநாட்டுப் பணத்தில் பாதி வந்துவிட்டது. சாதாரண வேலைகள் ஊகித்தபடியே போகின்றன. புதிதாக ஒரு விளம்பர நிறுவன வேலை 1,00,000, ஜனவரியில் வரும், 10,000 டி.டி.எஸ். பிடிப்பார்கள். ஆண்டு வருமானம் 15,00,000 ஆகிறது. வரி 1,09,200. டி.டி.எஸ். 50,000 போக 59,200. அதில் 75 சதவீதம் 44,400. ஏற்கெனவே கட்டிய 24,120 போக, இப்போது கட்ட வேண்டியது 20,280.

மார்ச் 15. வெளிநாட்டு நிறுவனத்தின் இரண்டாம் பாதி, மூன்று லட்சம், பிப்ரவரியில் வரவில்லை. ‘இம்மாதக் கடைசியில் வரலாம், இல்லையென்றால் ஏப்ரல்’ என்கிறார்கள். சில நாள் வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் அந்தப் பணம் ஏப்ரலில் வந்தால் இந்த ஆண்டு வருமானம் 15 லட்சத்திலிருந்து சரியாக 12 லட்சமாகக் குறைந்துவிடும். தள்ளுபடி கிடைத்து வரி பூஜ்யம். கட்டிய 44,400, பிடிக்கப்பட்ட 50,000 இரண்டும் சேர்ந்து 94,400 ரூபாய் ரீஃபண்டாக வரும். மூன்று லட்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்பதைப் பொறுத்து ஒரு லட்சத்துக்கும் மேல் வரி மாறுகிறது.

இங்கேதான் வட்டிக் கணக்கு கைகொடுக்கிறது. மார்ச் 15இல் கட்ட வேண்டிய மீதி 14,800. அன்று கட்டாமல் மாதக் கடைசிவரை காத்திருந்தால் வட்டி ஒரு சதவீதம், அதாவது 148 ரூபாய். பணம் 28ஆம் தேதி வந்துவிட்டால் 31க்குள் 14,800ஐக் கட்டிவிடலாம். 90 சதவீத நிபந்தனையும் நிறைவேறிவிடும். வராவிட்டால் கட்டவே தேவையில்லை. 148 ரூபாய்க்குப் பதினாறு நாள் அவகாசம் வாங்கியதாக வைத்துக்கொள்ளலாம்.

கடைசியில் எவ்வளவு வட்டி?

பணம் மார்ச் 28ஆம் தேதி வந்துவிட்டது, மீதியை 31க்குள் கட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஜூனில் 59,200இல் 15 சதவீதம், 8,880 கட்டியிருக்க வேண்டும். எதுவும் கட்டவில்லை. சில்லறையை விட்டு 8,800க்கு மூன்று சதவீதம், 264 ரூபாய். செப்டம்பரில் 26,640 கட்டியிருக்க வேண்டும், கட்டியது 24,120. குறைவுதான். ஆனால் 36 சதவீதமான 21,312ஐத் தாண்டிவிட்டதால் வட்டி இல்லை. டிசம்பரில் குறைவே இல்லை. மார்ச்சில் 148. மொத்தம் 412 ரூபாய். ஜூன் மாதத்தில் பாதிகூடச் சரியாகக் கணிக்காத ஒருவருக்கு ஆண்டு முழுவதற்கும் ஆன வட்டி அவ்வளவுதான்.

அதே ஓவியர் ஒரு தவணையும் கட்டாமல், ஜூலையில் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது மொத்தமாகக் கட்டிக்கொள்ளலாம் என்று இருந்திருந்தால்? நான்கு தவணைகளுக்கும் சேர்த்து 234 சி வட்டி 2,986. ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு மாதத்துக்கு 234 பி வட்டி 2,368. மொத்தம் 5,354. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆண்டுக்கு நான்கு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டதால் வந்தது. ஊகம் சரியாக இருந்ததால் வந்ததல்ல.

12 லட்சத்தை ஒட்டி நிற்பவர்களுக்கு

வருமானம் நிலையாக இல்லாதவர்களுக்கு இந்த 12 லட்ச எல்லைதான் மிகவும் வழுக்கும் இடம். எல்லையைக் கொஞ்சம் தாண்டியவர் திடீரென்று 60 ஆயிரம் வரி கட்ட வேண்டியிருக்குமே என்பதால், தாண்டிய தொகைக்கு மேல் வரி போகாதபடி ஒரு நிவாரணம் வைத்திருக்கிறார்கள். 12,50,000 வருமானத்துக்கு அடுக்குப்படி 67,500 வரி வரும். நிவாரணத்தால் அது 50,000 ஆகக் குறையும், செஸ் தனி. இதன் பொருள், 12 லட்சத்துக்கு மேல் வரும் முதல் 70 ஆயிரம் ரூபாய் ஏறக்குறைய முழுவதும் வரிக்கே போய்விடுகிறது. அதன் பிறகு வரும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் செஸ் சேர்த்து 15 ரூபாய் 60 காசு.

ஆகவே ஆண்டு வருமானம் பத்து, பதினொரு லட்சம் என்று ஊகிப்பவர்கள் ‘வரி பூஜ்யம்’ என்று எழுதி நோட்டை மூடிவிடக் கூடாது. 12 லட்சத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும். அந்தத் தூரத்தைவிடப் பெரிய வேலை ஒன்று ஒப்புக்கொள்ளப்படும் நாளில், அடுத்த தவணைத் தேதிக்குக் காத்திராமல் கணக்கைத் திரும்பப் போட வேண்டும். தவணைப் பணத்தை அந்த வேலையின் முதல் வரவிலிருந்தே தனிக் கணக்கில் எடுத்து வைத்துவிடலாம். பெரிய காசோலை வந்த மாதத்தில் இது எளிது. டிசம்பரில் வெறும் கையோடு 20 ஆயிரம் புரட்டுவதுதான் கடினம்.

எங்கே சறுக்குகிறது?

முதல் சறுக்கல் டி.டி.எஸ்ஸில். பிடித்த வரியை 26 ஏ.எஸ். படிவத்தில் பார்க்கலாம் என்பது தெரிந்ததே. ஆனால் நிறுவனங்கள் காலாண்டுக் கணக்கைத் தாக்கல் செய்த பிறகுதான் அது அங்கே தெரியும். ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான கணக்குக்குக் கெடுவே ஜூலை 31. ஆகவே ஜூன் தவணைக்கு 26 ஏ.எஸ். உதவாது. பில் தொகை, கைக்கு வந்த தொகை, இடையில் பிடித்தது என்று மூன்று கட்டம் போட்டுத் தானே எழுதி வைக்க வேண்டும். செப்டம்பரிலும் டிசம்பரிலும் அந்தக் குறிப்பை 26 ஏ.எஸ்ஸுடன் ஒப்பிட்டால், பிடித்துவிட்டுக் கணக்கில் காட்டாத வாடிக்கையாளர் யார் என்று அப்போதே தெரிந்துவிடும். உரிமையோடு கேட்கலாம். பிடிக்க வேண்டியவர் பிடிக்காமலே முழுப் பணத்தையும் தந்துவிட்டால், ‘அவர் பிடித்திருக்க வேண்டுமே’ என்று அந்தத் தொகையை நம் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது. அதற்கும் சேர்த்து நாமே அட்வான்ஸ் டாக்ஸ் கட்ட வேண்டும்.

இரண்டாவது சறுக்கல் ஆண்டு எல்லையில். நிறுவனம் மார்ச் 31இல் தன் கணக்கில் செலவு எழுதி டி.டி.எஸ். பிடித்திருக்கும், பணத்தை ஏப்ரலில் அனுப்பும். பணம் வரும் தேதியில் கணக்கு வைப்பவருக்கு வருமானம் அடுத்த ஆண்டு, டி.டி.எஸ். இந்த ஆண்டு என்று காட்டும். வருமானம் எந்த ஆண்டில் கணக்கில் வருகிறதோ அந்த ஆண்டில்தான் அந்த டி.டி.எஸ்ஸைக் கேட்க முடியும். ரிட்டர்னில் அதை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல இடமிருக்கிறது. மார்ச் தவணைக் கணக்கில் இதைக் கழித்துவிட்டால் வரி குறைவாகக் கட்டியதாகிவிடும்.

மூன்றாவது சறுக்கல் கட்டும் இடத்தில். வருமான வரி இணையதளத்தில் e-Pay Tax பக்கத்துக்குப் போனால் கட்டணத்தின் வகையைக் கேட்கும். Advance Tax (100) என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அருகிலேயே உள்ள Self-Assessment Tax (300) ஆண்டு முடிந்தபின் ரிட்டர்னோடு கட்டும் பாக்கிக்கு உரியது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 2025–26 வருமானத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு 2026–27. இதில் ஓர் ஆண்டு முன்பின் மாறினால் பணம் போயிருக்கும், தவணை கட்டியதாகக் கணக்கில் வராது. திருத்திக்கொள்ள அதே தளத்தில் வசதி இருந்தாலும் அதற்குக் கெடு குறுகியது. ஆகவே கட்டிய அன்றே சலானைத் திறந்து வகையையும் ஆண்டையும் பார்த்துவிட வேண்டும்.

2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு வருமான வரிச் சட்டம், 2025 வருகிறது. 234 பி, 234 சி, 44 ஏ.டி.ஏ. என்ற பிரிவு எண்கள் அதில் மாறுகின்றன. நிதியாண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைப் பெயர்களுக்குப் பதில் ‘வரி ஆண்டு’ என்ற ஒரே பெயர் வருகிறது. நான்கு தவணைத் தேதிகளும் அவற்றின் சதவீதங்களும் அப்படியே இருக்கின்றன. வரி அடுக்குகள் மட்டும் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறக்கூடியவை என்பதால், ஜூன் மாதக் கணக்கில் உட்காரும்போது அந்த ஆண்டின் அடுக்கைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். மற்றபடி அன்று தேவைப்படுபவை மூன்றே எண்கள்: வந்தது, உறுதியானது, சாதாரண மாதத்தின் நடுத்தொகை.